கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகும் ஆச்சியிடம் முதல் கால் மணி நேரம் எப்படி நடந்துகொள்வது?

புதுவயல் இளைஞன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடி வட்டாரத்தில் திருமணப் படப்பிடிப்பு செய்து வருகிறேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில், எண்பது வயதை நெருங்கும் ஆச்சி ஒருவரைத் தனியாக ஒரு படம் எடுத்துத் தரும்படி அவருடைய மகன் கேட்டிருக்கிறார். அதைப் பெரிதாக அச்சிட்டு முகப்பில் மாட்டப்போகிறார்கள்.

குடும்பத்தார் அனுப்பிய பழைய படங்களைப் பார்த்தேன். எந்த விசேஷத்தில் எடுத்ததாக இருந்தாலும் ஆச்சி ஒரே மாதிரிதான் இருக்கிறார். முகவாய் மேலே தூக்கியிருக்கிறது, உதடுகள் அழுந்த மூடியிருக்கின்றன, தோள்கள் காதுப் பக்கம் ஏறியிருக்கின்றன, இரண்டு கைகளும் மடியில் முட்டியாக மடங்கியிருக்கின்றன. இடம் பார்ப்பதற்காக நேரில் போயிருந்தபோது வளவில் உட்கார்ந்து வாய் நிறையப் பேசினார், பேத்தியைக் கிண்டல் செய்தார், எனக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். வெளிச்சம் பார்க்கலாம் என்று நான் பையைத் திறந்ததுதான் தாமதம், "எதுக்குப்பா இந்தப் படம், மேல மாட்டுறதுக்கா?" என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். மேலே என்று அவர் காட்டியது நிலைக்கு மேலே வரிசையாக மாட்டியிருக்கும் காலமானவர்களின் படங்களை.

எப்படி உட்கார வைப்பது, எந்தப் பக்கம் திரும்பச் சொல்வது என்பதெல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். அதற்கு முன்னால், ஒன்றையும் செய்யச் சொல்லாமல், அவரைப் பேத்தியோடு பேசும் அந்த ஆச்சியாகவே வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் என் கேள்வி.

மதுரை நிழல் எழுதியது:

தம்பி, இது வெறும் பயம். பயத்தைப் பேச்சால் போக்க முடியாது, திடீரென்று ஏதாவது செய்துதான் உடைக்க வேண்டும். யூசுப் கார்ஷ் 1941இல் ஒட்டாவாவில் சர்ச்சிலைப் படம் எடுத்தபோது, அவர் வாயிலிருந்த சுருட்டை எதிர்பாராமல் எடுத்துவிட்டார். அந்த நொடியில் வந்த முகம்தான் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. ஆச்சியிடம் சுருட்டு இருக்காது என்றாலும், எதிர்பாராத ஒரு கேள்வியோ நகைச்சுவையோ அதே வேலையைச் செய்யும்.

அதுவும் சரிப்படவில்லை என்றால் 200 மில்லிமீட்டர் லென்சைப் போட்டுக்கொண்டு முற்றத்தின் அந்தப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுவிடுங்கள். படம் எடுப்பது தெரிந்தால்தானே விறைப்பார்?

தேவகோட்டை பழைய ஸ்டூடியோ எழுதியது:

மதுரைக்காரர் சொன்ன சம்பவம் உண்மைதான், ஆனால் அது இந்த இடத்துக்குப் பொருந்தாது. சர்ச்சில் அன்றைக்குப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கவில்லை. படம் எடுக்கப்போவதை அவருக்கு முன்கூட்டிச் சொல்லாததால் எரிச்சலில் இருந்தார். பொறுமையிழந்து நிற்கும் ஓர் ஆளை இன்னும் சீண்டியதால் வந்த முகம் அது. ஏற்கனவே இறுகிப்போயிருக்கும் ஒருவரிடம் அதைச் செய்தால் இன்னும் இறுகுவார்.

இந்த ஆச்சியின் விறைப்பைப் பயம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் இரண்டு விஷயங்கள் கலந்திருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டையும் தனித்தனியாகக் கையாள வேண்டும்.

முதலாவது, பழக்கம். இந்த வயதுக்காரர்கள் முதன்முதலில் படத்துக்கு உட்கார்ந்தது 1950களிலோ 60களிலோ ஏதாவது ஒரு ஸ்டூடியோவில். அப்போது வெளிச்சம் போதாது, பிலிமின் வேகமும் குறைவு. ஷட்டர் அரை நொடி, ஒரு நொடி என்று திறந்திருக்கும். அசைந்தால் முகம் கலங்கிவிடும் என்பதால், "மூச்சை அடக்குங்க, அசையாதீங்க, இங்க பாருங்க" என்று சொல்லி ஒன்று இரண்டு மூன்று எண்ணித்தான் எடுப்போம். என் தகப்பனார் கடையில் நானே அப்படி எண்ணியிருக்கிறேன். ஆகவே கேமராவைக் கண்டதும் முகவாயைத் தூக்கி மூச்சை அடக்கும் ஆச்சி, அன்றைக்கு யாரோ சொன்னதற்கு இன்றைக்கும் கீழ்ப்படிகிறார். நீங்கள் ஒரு போஸும் கேட்பதற்கு முன்பே அவர் ஒரு போஸைக் கொடுத்துவிட்டார். அப்படிப்பட்டவரிடம் "இயல்பாக இருங்கள்" என்று சொன்னால், தான் செய்தது தவறோ என்று குழம்பித்தான் போவார்.

இரண்டாவது, "மேல மாட்டுறதுக்கா" என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, அவருடைய மகன்தான். அதுவும் நீங்கள் வந்த பிறகு சொல்லக்கூடாது, முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். படம் எதற்கு, எங்கே மாட்டப்போகிறோம் என்பதை மறைக்காமல் பேசி முடித்திருந்தால்தான் நீங்கள் செய்யப்போகும் மற்ற எதற்கும் பலன் உண்டு. இந்தச் சந்தேகம் மனத்தில் கிடக்கும்போது எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், ஏமாற்ற வந்த ஆள் போலத்தான் தெரிவீர்கள்.

தூணுக்குப் பின்னால் ஒளிவதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. மாட்டப்போகும் படத்தில் ஆச்சி நம்மைப் பார்க்க வேண்டும். ஒளிந்திருப்பவரை அவர் எப்படிப் பார்ப்பார்?

சிவகங்கை ஆசிரியர் எழுதியது:

ஐயா, எங்களுக்கும் இதே பிரச்சினைதான். கடவுச்சீட்டுப் படத்துக்காக என் தகப்பனாரை அழைத்துக்கொண்டு போனேன். பிளாஷ் அடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிவிடுகிறார். கடைக்காரர் சலித்துக்கொண்டார். சாந்தமாகப் பேசினால் கண் திறந்திருக்குமா?

தேவகோட்டை பழைய ஸ்டூடியோ எழுதியது:

ஆசிரியரே, உங்கள் கேள்வி வேறு. பிளாஷுக்குக் கண் மூடுவது மனம் சம்பந்தப்பட்டதே அல்ல. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, "இப்போது திறங்கள்" என்று சொல்லித் திறந்த மறுகணம் எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பகல் வெளிச்சம் வரும் வாசலோரம், வெள்ளைச் சுவருக்கு முன்னால் பிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் பேத்தி எழுதியது:

நான் புகைப்படக் கலைஞர் அல்ல, ஆனால் கேமராவுக்கு முன்னால் விறைத்துப்போகிறவள். உட்கார்ந்திருப்பவர் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுச் சாந்திக் கல்யாணத்தின்போது குடும்பத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் படம் எடுத்தார்கள். வந்தவர் நல்லவர்தான், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என்னை நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் விளக்குக் கம்பங்களை நகர்த்த ஆரம்பித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நான் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் என் கைகள் எனக்கே பாரமாகத் தெரிந்தன. அதற்கு முன்புவரை எனக்கு எந்தப் பதற்றமும் இல்லை.

அதைவிட மோசமானது, ஒவ்வொரு முறை எடுத்ததும் அவர் கேமராவின் பின்புறத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கியது. அவர் வெளிச்சத்தைத்தான் பார்த்திருப்பார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு, என் முகம் சரியில்லை என்பதைத்தான் அவர் முகம் எனக்குச் சொன்னது. பிறகு முந்தானையைச் சரிசெய்ய அவருடைய உதவியாளர் கேட்காமலேயே கையை நீட்டினார். அத்தோடு நான் முழுதாக மூடிக்கொண்டேன்.

பின்னால் நின்றிருந்த என் பெரியம்மாக்கள், "சிரிடி, பல்லைக் காட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

தேவகோட்டை பழைய ஸ்டூடியோ எழுதியது:

பள்ளத்தூர் ஆச்சி எழுதியதை அச்சடித்து ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் மாட்ட வேண்டும். (பேத்தி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆனாலும் நான் ஆச்சி என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.)

தம்பி, அவர் சொன்னதிலிருந்தே உங்கள் வேலை தொடங்குகிறது. ஆச்சி வந்து உட்காரும்போது சாமான் சம்பந்தப்பட்ட வேலை ஒன்றும் மிச்சமிருக்கக்கூடாது. வளவில் தூணை ஒட்டிய நடையில், நேர் வெயில் விழாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆச்சி முற்றத்தின் பக்கம் முகம் வைத்து உட்காரட்டும், வானத்து வெளிச்சமே போதும். அவருடைய உயரத்தில் உள்ள ஒருவரை முன்னதாகவே நாற்காலியில் உட்கார வைத்து வெளிச்சம், தூரம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் அதன் சிவப்பும் பச்சையும் முகவாய்க்கு அடியில் ஏறும். நாற்காலிக்கு முன்னால் வெளிர் நிறத்தில் ஒரு ஜமுக்காளத்தை விரித்துவிட்டால் அது போய்விடும், நீங்கள் உட்கார்ந்து பேசவும் இடம் கிடைக்கும். கேமராவின் பீப் ஒலியையும், குவியம் பார்ப்பதற்காக முகத்தில் அடிக்கும் அந்தச் சின்ன விளக்கையும் அணைத்துவிடுங்கள். கண்ணில் புரை எடுத்தவர்களுக்கு அந்த விளக்கு பட்டாலே முகம் சுருங்கும்.

கேமராவை முக்காலியில் பொருத்தி, ஆச்சி வருவதற்கு முன்பே அது அங்கே நிற்கும்படி செய்யுங்கள். பையிலிருந்து எடுக்கும் அந்தச் செயல்தான் அவரை அன்றைக்கு மாற்றியது. ஏற்கனவே நாற்காலி மேசை போல நின்றுகொண்டிருக்கும் ஒன்று அவ்வளவாக உறுத்தாது.

அடுத்தது வரவேற்பு. வந்திருப்பவர் நீங்கள், வீடு ஆச்சியுடையது. ஸ்டூடியோவில் நாம் அவரை வரவேற்போம், இங்கே அவர் நம்மை வரவேற்க வேண்டும். அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். "வாங்க ஆச்சி, இப்படி உட்காருங்க" என்று நீங்கள் சொன்னால், அவர் வீட்டிலேயே அவரை விருந்தாளியாக்கிவிடுகிறீர்கள். அவர் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், பலகாரம் எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். உபசரிக்கும் மனிதருக்குத் தன் கையை எங்கே வைப்பது என்ற சந்தேகம் வருவதில்லை.

கோட்டையூர் படப்பெட்டி எழுதியது:

இதுவரை சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடுதான், ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெண்களைப் படம் எடுக்கும்போது சேலை, நகை, பொட்டு பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுவது என் வழக்கம். வயதான ஆச்சிகளில் சிலர், கணவர் காலமான பிறகு எந்த நகையைப் போடலாம், எந்த நிறம் உடுத்தலாம் என்பதில் தங்களுக்கென்று ஒரு முடிவு வைத்திருப்பார்கள். பிள்ளைகள் ஆசையாக ஒரு பட்டுச் சேலையை எடுத்துக்கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். நாம் பதற்றம் என்று நினைப்பது, அந்தச் சேலையில் உட்கார்ந்திருக்கும் கூச்சமாக இருக்கும். "ஆச்சி, நீங்க எப்பவும் உடுத்துற கண்டாங்கியே நல்லா இருக்கும், உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே உடுத்துங்க" என்று ஒருமுறை சொன்னதும் ஒருவர் எழுந்து உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். வந்து உட்கார்ந்தவர் வேறு ஆள்.

இனி, மாறுபடும் இடம். அந்த விறைத்த போஸைக் கலைக்க நீங்கள் எல்லோரும் ஏன் இவ்வளவு பாடுபடுகிறீர்கள்? அவர் தயாராக வைத்திருப்பதை முதலில் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. நேராக, கம்பீரமாக, மூச்சை அடக்கிக்கொண்டு அவர் விரும்புகிறபடியே மூன்று நான்கு படங்கள். "முடிஞ்சிருச்சு ஆச்சி, ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றதும் அவர் விடும் மூச்சில்தான் நமக்கு வேண்டிய முகம் இருக்கும்.

தேவகோட்டை பழைய ஸ்டூடியோ எழுதியது:

சேலை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, எனக்குத் தோன்றாதது. இரண்டாவதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எடுப்பது ஒருமுறைதான் பலிக்கும். முடிந்தது என்று சொன்ன ஆள் மறுபடியும் எடுத்துக்கொண்டிருப்பதை ஆச்சி கவனித்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். "இது சும்மா வெளிச்சம் பார்க்கிறதுக்கு" என்று சொல்லி எடுத்த படத்தையே அச்சிட்டுக் கொடுப்பதும் அந்த வகைதான்.

கோட்டையூர் படப்பெட்டி எழுதியது:

வெளிச்சம் பார்க்க என்று சொல்லி எடுத்த படம் நன்றாக வந்தால் அதை ஆச்சியிடமே காட்டி, இது இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வைத்துக்கொள்வேன். அதில் என்ன பொய் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

புதுவயல் இளைஞன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஸ்டூடியோ ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். சாமான் தயார், காப்பியும் குடித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து முதல் படம்வரை என்ன நடக்கிறது? எதைப் பார்த்து, இப்போது எடுக்கலாம் என்று முடிவு செய்வீர்கள்? நான் பேச்சு கொடுத்துக்கொண்டே இருப்பேன். கையைக் கேமராவில் வைத்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

தேவகோட்டை பழைய ஸ்டூடியோ எழுதியது:

ஒரு பெரியவரை எடுத்த கதையைச் சொல்கிறேன், அதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஓய்வு பெற்ற கணக்கர், எங்கள் ஊர்க்காரர், வயது எண்பதுக்கு மேல். நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் நெரிந்திருந்தது, உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. கேட்டால் "ம்" என்று ஒரு சொல். பதற்றம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவருடைய மருமகள் மோர் கொண்டுவந்து இடது பக்கமாகக் குனிந்து பேசியதும் முகம் தெளிந்து நீளமாகப் பதில் சொன்னார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவருக்கு வலது காது மந்தம். நான் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். உதட்டசைவைப் பார்த்துத்தான் அவர் என் பேச்சைப் புரிந்துகொண்டிருந்தார். கேமராவை முகத்துக்கு உயர்த்தினால் அந்த உதடும் மறைந்துவிடும், அவருக்கு ஒன்றும் விளங்காது. முதியவர்களிடம் நாம் காணும் விறைப்பில் ஒரு பங்கு இதுதான்: என்ன சொல்கிறார்கள் என்று கேட்காத ஆள் கூர்ந்து பார்க்கும் பார்வை.

இடம் மாறி இடது பக்கம், ஜமுக்காளத்தில், அவரைவிடத் தாழ்வாக உட்கார்ந்தேன். முக்காலியில் நின்ற கேமரா என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. லென்ஸ் அவர் கண் மட்டத்துக்குச் சற்றே கீழே. தரையில் உட்கார்ந்து பேசலாம், ஆனால் அந்த உயரத்திலிருந்து படம் எடுத்தால் மூக்குத் துவாரம்தான் தெரியும். கையில் ஒரு ரிமோட். என் முகம் முழுவதும் அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

முதலில் கேமராவைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னேன். "ஐயா, இது சத்தம் போடும், இப்படித்தான் கேட்கும்" என்று அவர் பக்கம் திருப்பாமல் தூணின் பக்கம் திருப்பி இரண்டு முறை அழுத்திக் காட்டினேன். "இப்ப எல்லாம் அசையலாம், மூச்சு விடலாம், பேசலாம். அந்தக் காலத்து மாதிரி அடக்கிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை" என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் நான் எடுக்கவில்லை. முதல் சிரிப்பு பெரும்பாலும் மரியாதைக்காக வருவது. அதைப் பிடிக்கப் பாய்ந்தால், சிரிப்பதற்காகத்தான் இவன் பேசுகிறான் என்று தெரிந்துவிடும்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது கட்டைவிரலை. பதற்றத்தில் இருப்பவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்து வைத்துக்கொள்வார்கள். முகத்தை அடக்கத் தெரிந்தவர்களும் விரலை மறந்துவிடுவார்கள். அடுத்தது மூச்சு. துண்டின் மடிப்பு நெஞ்சின் மேல்பகுதியில் ஏறி இறங்கினால் இன்னும் நேரம் ஆகவில்லை. பேச்சின் நடுவில் பெரிதாக ஒரு மூச்சு விட்டுத் தோள் இறங்கினால் வழி திறந்துவிட்டது.

என்ன பேசுவது என்று கேட்பீர்கள். பிள்ளைகள் எத்தனை, எந்த ஊர் என்பதெல்லாம் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும் கேள்விகள். நான் அவரிடம், கையெழுத்துப் பேரேட்டில் ஒரு பைசா இடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். அது எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்ததைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் ஆள்காட்டி விரலால் காற்றில் வரி வரியாக இறங்கிக் காட்ட ஆரம்பித்தார். கட்டைவிரல் வெளியே வந்தது. அப்போது அழுத்தினேன். சத்தம் கேட்டு ஒரு நொடி நிறுத்தினார். நான் கேமராவைத் திரும்பிப் பார்க்காமல், "அப்புறம்?" என்றேன். தொடர்ந்தார். நாலைந்து முறைக்குப் பிறகு சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை.

போஸ் என்று நான் கேட்டது அதற்கெல்லாம் பிறகு ஒரே ஒன்றுதான். "கையை அப்படியே மடியில வச்சுக்கிட்டுச் சொல்லுங்கய்யா" என்றேன்.

உங்கள் ஆச்சியிடம் எதைக் கேட்பது என்பதை அவருடைய பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்தை இரண்டாம் கட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பேத்தியை மட்டும் லென்சுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆச்சி யாரைப் பார்த்துப் பேசுகிறாரோ அவர் லென்சுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால், பார்வை தானாக வந்து சேரும்.

மதுரை நிழல் எழுதியது:

ஒளிந்திருந்து எடுக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் லென்ஸ் பற்றிய என் சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறீர்கள். அப்படியென்றால் 35 அல்லது 50 போதுமே?

தேவகோட்டை பழைய ஸ்டூடியோ எழுதியது:

ஆள் பக்கத்தில் இருக்கலாம், லென்ஸ் பக்கத்தில் வரக்கூடாது. முழு அளவு சென்சாரில் 85 மில்லிமீட்டர் போட்டு இடுப்புக்கு மேல் எடுத்தால் கேமரா ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி நிற்கும். 50 என்றால் ஒண்ணேகால் மீட்டர், அதாவது கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்ற உணர்வு வந்துவிடும். 200 போட்டால் 5 மீட்டர். அங்கிருந்து பேசுவதற்குக் கத்த வேண்டும், அதுவும் காது மந்தமானவரிடம். 2 மீட்டர் என்பது வளவில் இரண்டு பேர் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் தூரம்.

பள்ளத்தூர் பேத்தி எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. இப்போது சத்தமே இல்லாமல் எடுக்கும் கேமராக்கள் வந்துவிட்டனவே, அது இன்னும் சுலபம் அல்லவா?

கோட்டையூர் படப்பெட்டி எழுதியது:

நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன், ஆனால் பகல் வெளிச்சத்தில் மட்டும். எல்இடி விளக்கு எரியும் இடத்தில் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால் படத்தில் பட்டைப் பட்டையாகக் கோடு விழ வாய்ப்புண்டு. வளவில் அந்த விளக்குகளை அணைத்துவிட்டால் போதும். சிலருக்குச் சத்தம் இல்லாததே சங்கடமாக இருக்கிறது, எப்போது எடுக்கிறார்கள் என்று தெரியாமல் முழு நேரமும் காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குச் சத்தம் வைத்துவிடுவேன்.

புதுவயல் இளைஞன் எழுதியது:

நேற்று எடுத்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

மகன் முந்தைய நாளே ஆச்சியிடம் பேசிவிட்டார். "ஆத்தா, இங்க ஒண்ணு, சென்னை வீட்டுல ஒண்ணு. நீங்க இருக்கும்போதே பார்த்துச் சந்தோஷப்படணும்னுதான்" என்று சொன்னாராம். "இருக்கும்போதே மாட்டினா நல்லதுதான், எப்படி வந்திருக்குன்னு நானும் பார்ப்பேன்ல" என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது.

காலை பத்து மணிக்கு மேல் வளவில் வெளிச்சம் நன்றாக இருந்தது. பேத்தியை உட்கார வைத்து எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் ஆச்சியை அழைத்தோம். அவர் இளமையில் ஓலைக் கொட்டான் முடைவாராம், பேத்தி சொன்னார். கொட்டானின் விளிம்பை எப்படி மடித்து முடிப்பீர்கள் என்று கேட்டேன். வார்த்தையால் சொல்ல வரவில்லை, ஓலையைக் கொண்டுவரச் சொன்னார். முடையும்போது தலை குனிந்தே இருந்தது, பார்வை லென்சுக்கு வரவில்லை. கண் தெரியாத படங்கள் நிறைய வந்தன. பிறகு பேத்தி தவறாக மடித்து, "அப்பத்தா, இப்படியா?" என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். தோள் இறங்கியிருந்தது, கையில் பாதி முடைந்த கொட்டான், வாயோரத்தில் அந்தக் கிண்டல். எனக்கு வேண்டிய படம் அதுதான்.

கடைசியில் ஆச்சியே, "சரி, ஒழுங்கா ஒண்ணு எடு" என்று சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்து முகவாயைத் தூக்கிக்கொண்டார். அதையும் எடுத்தேன்.

மாலையில் இரண்டையும் காட்டினேன். பேத்தி கொட்டான் படத்தைப் பிடித்துக்கொண்டார். மகன், முகப்பில் மாட்டுவதற்கு அந்த நிமிர்ந்த படம்தான் வேண்டும் என்கிறார். ஆச்சியின் கணவர் படத்துக்குப் பக்கத்தில் அதுதான் பொருத்தமாக இருக்குமாம். ஆச்சியிடம் கேட்டால், "உங்களுக்கு எது பிடிக்குதோ அது" என்கிறார். நான் என்ன சொல்வது?

கோட்டையூர் படப்பெட்டி எழுதியது:

நிமிர்ந்த படத்தைத்தான் முதலிலேயே எடுக்கச் சொன்னேன். அவருடைய முகம் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி அவருக்கும் ஒரு கருத்து உண்டு. அது அறுபது வருடத்துக்கு முந்தைய ஸ்டூடியோக்காரர் சொல்லிக்கொடுத்ததாக இருந்தால்தான் என்ன?

தேவகோட்டை பழைய ஸ்டூடியோ எழுதியது:

கடைசியாக எடுத்த அந்த நிமிர்ந்த படத்தையும், குடும்பத்தார் அனுப்பிய பழைய படங்களில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கைகளை மட்டும். விரல்கள் இன்னும் முட்டியாகத்தான் இருக்கின்றனவா?

புதுவயல் இளைஞன் எழுதியது:

பார்த்தேன் ஐயா. முகவாய் அப்படியேதான் இருக்கிறது, உதடும் மூடித்தான் இருக்கிறது. கைகள் விரிந்து மடியில் கிடக்கின்றன. தோளும் ஏறவில்லை.

தேவகோட்டை பழைய ஸ்டூடியோ எழுதியது:

அப்படியானால் மகன் கேட்பதை முகப்புக்கு அச்சிட்டுக் கொடுங்கள். கொட்டான் படத்தைச் சென்னை வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று பேத்தியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். எதை முதலில் எடுப்பது என்பதில் கோட்டையூர்க்காரர் சொன்னதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதே போஸை ஆச்சி உட்கார்ந்ததும் எடுத்திருந்தால் அந்தக் கைகள் இப்படி வந்திருக்காது என்பது என் கணக்கு.

கோட்டையூர் படப்பெட்டி எழுதியது:

வந்திருக்குமா வந்திருக்காதா என்பதை அடுத்த வாரம் ஆறாவயலில் ஒரு பெரியவரை எடுக்கப்போகும்போது பார்த்துவிட்டு எழுதுகிறேன். முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று, இரண்டும் நேர்ப் போஸ்.